வகுப்புக்குச் சற்று முன் பூட்டப்பட்ட கணக்கு: யாழ்ப்பாணத்து இணையவழி வகுப்பொன்றில் நடந்தது

ஆசிரியையின் சம்மதத்துடன் எழுதப்படுகிறது. அவருடைய பெயர், ஊர், கணக்கை வழங்கிய நிறுவனம் ஆகியவை இங்கே இல்லை. நான் அவரிடம் படித்தவன். இப்போது கணினி கற்பிக்கிறேன். அன்று மாலை அவர் தொலைபேசியில் அழைத்தது என்னைத்தான்.

பின்னணி

ஆசிரியை பாடசாலையில் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்றவர். 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது வீட்டிலிருந்தபடியே இணையவழி வகுப்பைத் தொடங்கினார். பாடசாலைகள் திறந்த பின்னும் அது நிற்கவில்லை, ஏனென்றால் அவருடைய பிள்ளைகளில் ஒரு பகுதியினர் பட்டணத்து ரியூட்டரிகளுக்கு வந்துபோக முடியாத இடங்களில் இருக்கிறார்கள். நெடுந்தீவுப் பிள்ளை மாலை வகுப்பு முடித்துக் குறிகாட்டுவானுக்குப் போய்ச் சேர்வதற்குள் கடைசிப் படகு போய்விட்டிருக்கும். காரைநகர், கிளிநொச்சியின் உட்கிராமங்கள் என்று இன்னும் சிலர். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தயாராகும் தரம் 11 வகுப்பில் அப்போது 46 பேர். சனிக்கிழமை மாலை 6.30 முதல் 8 மணி வரை வகுப்பு.

வகுப்பு முழுவதும் ஒரே ஒரு இலவசக் கணக்கின் மேல் நின்றது. மின்னஞ்சல், வகுப்பு நடக்கும் காணொளிக் கூடத்தின் நிரந்தர இணைப்பு, பாடக் குறிப்புகள், கடந்தகால வினாத்தாள்களின் விடைகள், வரவுப் பதிவு, யார் எந்த மாதக் கட்டணத்தை வங்கியில் போட்டார் என்ற அட்டவணை எல்லாமே அதற்குள் இருந்தன. இதில் விசித்திரம் எதுவுமில்லை. நான் அறிந்த தனி ஆசிரியர்கள் பெரும்பாலும் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள், ஒரே கடவுச்சொல்லை நினைவில் வைத்தால் போதும் என்பதால்.

வெளியே இருந்தது ஒன்றுதான்: பெற்றோரின் எண்களைக் கொண்ட வட்ஸ்அப் குழு. அறிவித்தல்களுக்கு மட்டுமான குழு அது. ஆசிரியை மட்டுமே அதில் எழுதலாம். அன்று மாலை வகுப்பைக் காப்பாற்றியது இந்தக் குழுதான்.

அந்தக் கணக்கு திறந்திருந்த இடமும் ஒன்றே ஒன்று: ஆசிரியையின் மடிக்கணினியில் இருந்த உலாவி. அவருடைய கைத்தொலைபேசியில் அது இல்லை. தொலைபேசியை ரொறன்ரோவில் இருக்கும் மகன் ஊருக்கு வந்தபோது வாங்கி, தன் கணக்கைப் போட்டே இயக்கிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அம்மாவுக்குச் செயலிகளை இறக்கிக் கொடுக்க அது அவருக்கு வசதி. வகுப்பை எப்போதும் கணினியில் நடத்தியதால் இந்தக் குறை யாருக்கும் படவில்லை.

கணக்குத் தொடங்கியபோது கொடுத்த தொலைபேசி எண்ணும் இப்போது கையில் இல்லை. வீட்டில் அலைவரிசை சரியாகக் கிடைக்கவில்லை என்று ஆசிரியை வேறு வலையமைப்பின் சிம்முக்கு மாறியிருந்தார். பழைய சிம் ரீலோட் செய்யப்படாமல் கிடந்து செயலிழந்துவிட்டது. அது அவருடைய தம்பியின் அடையாள அட்டையில் எடுக்கப்பட்டது என்பதும் பிறகுதான் நினைவுக்கு வந்தது. வங்கிக்கும் பெற்றோருக்கும் புதிய எண்ணைச் சொன்னவர் கணக்குக்குச் சொல்லவில்லை. அதற்கும் சொல்லவேண்டும் என்று எந்தத் திரையும் அவரைக் கேட்டிருக்கவில்லை.

இந்த நிலையில் கணினியின் வன்தட்டு பழுதானது. பட்டணத்தில் ஒரு கடையில் கொடுத்தார். அவர்கள் புதிய வட்டைப் போட்டு, விண்டோஸை மீண்டும் நிறுவி, கோப்புகளைப் பத்திரமாக எடுத்து வைத்து வெள்ளிக்கிழமை திருப்பிக் கொடுத்தார்கள். வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உலாவிக்குள் இருந்த உள்நுழைந்த நிலை ஒரு கோப்புறையாகக் கண்ணுக்குத் தெரிவதல்ல. அது பழைய வட்டோடு போய்விட்டது. கணக்கைப் பொறுத்தவரை அந்தக் கணத்திலிருந்து உரிமையாளரை அடையாளம் காட்ட ஒரு கருவியும் இல்லை. அது தெரியவந்தது மறுநாள் மாலையில்.

சனிக்கிழமை மாலை

6.05க்கு ஆசிரியை கணினியைத் திறந்தார். உலாவி கடவுச்சொல் கேட்டது. நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்து அடித்தார், கடவுச்சொல் ஏற்கப்பட்டது. அடுத்த திரை, இது நீங்கள்தான் என்று உறுதிப்படுத்தச் சொன்னது. குறியீடு ஒன்று குறுஞ்செய்தியாக அனுப்பப்பட்டிருப்பதாகச் சொல்லி, எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைக் காட்டியது. அவை பழைய எண்ணின் இலக்கங்கள்.

அவர் அதைக் கவனிக்கவில்லை. செய்தி வரத் தாமதமாகிறது என்று நினைத்து மீண்டும் அனுப்பச் சொன்னார், பிறகும் சொன்னார். அருகில் இருந்த பெறாமகள் `Try another way` என்பதை அழுத்தினாள். மகனின் மின்னஞ்சலுக்குக் குறியீடு அனுப்பும் வழி வந்தது. ரொறன்ரோவில் அப்போது காலை ஒன்பது மணிகூட ஆகவில்லை. இரவு வேலை முடித்து வந்த மகன் தொலைபேசியின் ஒலியை நிறுத்திவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அழைப்பு எடுபடவில்லை. கடவுச்சொல்லை மறந்துவிட்டேன் என்ற வழியிலும் போய்ப் பார்த்தார்கள். கடைசியில் பெறாமகள் தன் கைத்தொலைபேசியில் வேறாக முயன்றாள். அதன் பிறகு கணினியிலும் தொலைபேசியிலும் ஒரே வாசகம்தான்:

`Too many failed attempts. Try again in a few hours.`

6.19க்கு எனக்கு அழைப்பு வந்தது. "தம்பி, கணக்குப் பூட்டுப்பட்டுவிட்டது. பிள்ளைகள் வந்து வெளியே நிற்கிறார்கள், கதவைத் திறக்க ஆளில்லை" என்றார். நேரத்துக்கு முன்பே வரும் நாலைந்து பேர் வழக்கமான இணைப்பை அழுத்தி, அனுமதிக்காகக் காத்திருக்கும் திரையில் நின்றார்கள். அனுமதி கொடுக்கும் உரிமை பூட்டப்பட்ட கணக்குக்கு மட்டுமே உண்டு.

இது எந்த வகைப் பூட்டு

முதலில் அவரிடம் திரையில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து வாசிக்கச் சொன்னேன். "பூட்டுப்பட்டுவிட்டது" என்று மக்கள் சொல்வதற்குள் குறைந்தது மூன்று வேறு நிலைகள் அடங்கியிருக்கின்றன. மூன்றுக்கும் செய்யவேண்டியது வேறு வேறு.

கடவுச்சொல் பிழை என்று வந்தால் அது பூட்டே அல்ல. பெரிய எழுத்துப் பூட்டு விசையையும் விசைப்பலகையின் மொழியையும் பார்த்தால் பல நேரம் தீர்ந்துவிடும். விண்டோஸ் புதிதாக நிறுவிய கணினியில் விசைப்பலகை அமைப்பு மாறி, கடவுச்சொல்லில் உள்ள @ வேறு குறியாக விழுவது நான் கண்டதுதான். கணக்கு முடக்கப்பட்டது என்று வந்தால், விதிமீறல் ஏதோ நடந்ததாகச் சேவை முடிவு செய்திருக்கிறது. அதற்கு முறையீட்டுப் படிவம்தான் வழி, நாட்கள் ஆகும். ஆசிரியைக்கு வந்தது இவற்றுக்கு நடுவில் உள்ள வகை. கடவுச்சொல் சரி, கணக்கும் நலம். கேட்பவர் யார் என்பதில்தான் சேவைக்குச் சந்தேகம்.

அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருந்தது. சேவையின் பக்கத்திலிருந்து அந்தக் கால் மணி நேரத்தைப் பார்த்தால், இதுவரை கண்டிராத ஒரு உலாவி சரியான கடவுச்சொல்லுடன் வருகிறது. குறியீட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது, ஒன்றையும் அடித்துக் காட்டவில்லை. பிறகு கடவுச்சொல்லையே மாற்றப் பார்க்கிறது. உடனே இன்னொரு கருவி வேறு இணைய முகவரியிலிருந்து அதே கதவைத் தட்டுகிறது. கைத்தொலைபேசி இணையத்தின் முகவரி யாழ்ப்பாணத்தில் இருந்தாலும் கொழும்பைக் காட்டக்கூடும். திருடிய கடவுச்சொல்லோடு வருபவன் செய்வதும் அச்சொட்டாக இதைத்தான். ஒவ்வொரு புதிய முயற்சியும் உதவியாகத் தோன்றினாலும், சந்தேகத்தைக் கூட்டியதுதான் மிச்சம்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, கணக்கைத் தொடாமல் விடுவது. சில மணி நேரம் என்று திரை சொல்லியபின் முயன்றால் அந்த நேரம் நீளக்கூடும். ஆசிரியைக்கு இது பிடிக்கவில்லை. குறிப்புகள் எல்லாம் உள்ளே இருக்கின்றன என்றார். வகுப்பை நடத்துவதும் கணக்கை மீட்பதும் இரண்டு வேலைகள், இன்று மாலைக்கு உரியது முதலாவது மட்டுமே என்று சொன்னேன். பெறாமகளிடம் கணினியை மூடி வைக்கச் சொன்னோம். கணினி திறந்திருந்தால் யாராவது இன்னொருமுறை அழுத்திப் பார்ப்பார்கள்.

அடுத்தது, எங்கே நடத்துவது. ஆசிரியை முதலில் கேட்டது, அதே சேவையில் இன்னொரு கணக்கை அந்த நிமிடமே தொடங்கலாமா என்பது. தொடங்கலாம்தான். ஆனால் சந்தேகத்துக்கு உள்ளான அதே கணினியிலிருந்து அதே பெயரில் புதுக் கணக்கு தொடங்கி, உடனே நாற்பது பேரைக் கூட்டுவது அன்றைக்கு நல்ல யோசனையாகப் படவில்லை. வட்ஸ்அப் குழு அழைப்பில் 32 பேருக்கு மேல் சேர முடியாது; ஆசிரியையும் ஒருவர் என்பதால், பதினைந்து பிள்ளைகளை யார் தெரிவுசெய்து வெளியே விடுவது? `meet.jit.si` நல்ல மாற்று. ஆனால் 2023 ஓகஸ்டிலிருந்து அங்கும் கூடத்தைத் திறப்பவர் ஏதாவதொரு கணக்கால் உள்நுழையவேண்டும். அதோடு பிள்ளைகளுக்கு அது பழக்கமில்லாதது. வகுப்பு நேரத்தில் பாதி, எதை அழுத்துவது என்று சொல்வதில் போயிருக்கும்.

என்னிடம் இருந்த இலவச சூம் கணக்கைத் தெரிவுசெய்தோம். 100 பேர் வரை சேரலாம், சேர்பவருக்குக் கணக்குத் தேவையில்லை, கொரோனா காலத்துப் பாடங்களால் செயலி பெரும்பாலான வீடுகளில் ஏற்கெனவே இருந்தது. குறை ஒன்றுதான்: 40 நிமிடத்தில் அறுந்துவிடும். அந்த அறுப்பை எதிர்பாராமல் வரவிடாமல், நாமே பாடவேளையை இரண்டாகப் பிரித்தோம். இரண்டு அமர்வுக்கும் இரண்டு இணைப்புகளை முன்கூட்டியே உருவாக்கி, குழுவில் ஒரே செய்தியாகப் போடும்படி ஆசிரியைக்கு அனுப்பினேன். முதலாவது அறுந்த பிறகு புதிய இணைப்பைத் தேடி எழுதுவதென்றால் பிள்ளைகள் சிதறிவிடுவார்கள்.

கூடத்தை நான் என் வீட்டிலிருந்து திறந்து, வாசல்காரனாக இருந்துகொண்டேன். பெயரைப் பார்த்து உள்ளே விடுவது என் வேலை. கற்பிப்பது மட்டும் அவருடையது. இலவசக் கணக்கில் துணை நடத்துநர் ஒருவரை நியமிக்கும் வசதி இல்லை என்பதும் இந்தப் பிரிவினைக்கு ஒரு காரணம்.

செய்தியை நம்பவைப்பது அடுத்த கவலை. அறிமுகமில்லாத இணைப்புகளை அழுத்தாதீர்கள் என்று அதே குழுவில் ஆசிரியையே முன்பு எழுதியிருந்தார். இப்போது வழக்கத்துக்கு மாறான நேரத்தில், வழக்கத்துக்கு மாறான இணைப்பு ஒன்று போகிறது. அதனால் எழுத்துக்கு முன்னால் ஒரு குரல் பதிவு போட்டார்: "பிள்ளைகள், நான் ரீச்சர்தான் பேசுகிறேன். பழைய வகுப்பு இணைப்பு இன்று வேலை செய்யாது. கீழே வரும் இரண்டு இணைப்புகளில் முதலாவதுக்கு வாருங்கள். போன வகுப்பில் செய்யச் சொன்ன வரைபுக் கணக்கும் வெள்ளைத்தாளும் பேனையும் கையில் இருக்கட்டும்." பெயர் கேட்டால் முழுப் பெயரைத் தமிழில் எழுதும்படியும் சொன்னார். போன வகுப்பின் வரைபுக் கணக்கு வெளியாட்களுக்குத் தெரியாது. அது எனக்குத் தோன்றவில்லை, அவருடைய யோசனை.

குழுவில் இருந்த ஒரு மாணவனின் அண்ணன், இணையத்தில் தேடி எடுத்த வாடிக்கையாளர் சேவை எண் என்று ஒன்றை ஆசிரியைக்குத் தனியாக அனுப்பியிருந்தார். நல்ல எண்ணத்தோடுதான். அதற்கு அழைக்கவேண்டாம் என்றேன். இலவசக் கணக்கு ஒன்றைத் தொலைபேசியில் மீட்டுத்தரும் சேவை எண் என்று இணையத்தில் கிடைப்பவற்றில் மோசடிக்காரர்களுடையவை நிறைய. அவர்கள் கேட்பது திரையில் வரும் குறியீட்டை, அல்லது கணினியைத் தூரத்திலிருந்து இயக்கும் அனுமதியை. கணக்குப் பூட்டப்பட்ட பதற்றத்தில் இருப்பவர் இரண்டையும் கொடுத்துவிடுவார்.

வகுப்பு நடந்த விதம்

வகுப்பு 6.47க்குத் தொடங்கியது. குறிப்புகள் இல்லை, கணினியும் மூடிக் கிடக்கிறது. ஆசிரியை தன் கைத்தொலைபேசியிலிருந்து சேர்ந்தார். சாப்பாட்டு மேசையில் வெள்ளைத்தாள் ஒன்றை வைத்து அதன் இருபுறமும் சமவுயரத்துக்குப் புத்தகங்களை அடுக்கினார்கள். மேலே இரண்டு அடிமட்டங்களைக் குறுக்கே போட்டு, தொலைபேசியை அவற்றின் மேல் பின்பக்கக் கமரா கீழே பார்க்கும்படி கிடத்தினார்கள். முதல் ஐந்து நிமிடம் தாளின் பாதியில் கையின் நிழல் விழுந்தது. பெறாமகள் மேசை விளக்கை இடப்பக்கத்துக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. பந்துமுனைப் பேனையின் கோடு மெல்லியதாக இருப்பதால் தெரியவில்லை என்று ஒரு பிள்ளை சொல்ல, வரைவதற்குத் தடித்த மார்க்கர் வந்தது. தாளைத் திருப்பும்போது தொலைபேசி ஆடுகிறது என்பதால், ஒரு பக்கம் முடிந்ததும் தாளைப் பக்கவாட்டில் உருவி எடுத்து அடுத்ததை வைத்தார்.

எடுத்தது இருபடிச் சார்பின் வரைபு. y = x² − 2x − 3 க்கு பெறுமான அட்டவணையைப் பிள்ளைகளே நிரப்பிச் சொல்லச் சொல்ல, அவர் புள்ளிகளைக் குறித்து வளையியை இழுத்தார். திரையில் ஏற்கெனவே வரைந்த படத்தைக் காட்டும் வழக்கமான முறையைவிட இது மெதுவானது. ஆனால் அட்டவணையில் x = −1 க்கு −2 என்று பிழையாகச் சொன்ன மூன்று பேர் இந்த முறையில்தான் அகப்பட்டார்கள். (−1)² ஐ −1 என்று எடுத்திருந்தார்கள். எழுதிய தாள்களைப் படம் பிடித்து வகுப்பின் பின் குழுவில் போட்டார்.

37 பேர் வந்தார்கள். வராத ஒன்பது பேர் ஏன் வரவில்லை என்பதை அடுத்த வாரம் கேட்டறிந்தோம். சிலருடைய பெற்றோர் தொலைபேசியோடு வெளியே போயிருந்தார்கள்; வட்ஸ்அப் செய்தி அவர்கள் சட்டைப்பையில் இருந்தது, பிள்ளை வீட்டில் வேறொரு கருவியில் பழைய இணைப்பையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் எதிர்பாராத காரணமும் ஒன்று வந்தது: சில வீடுகளில் குறிப்பிட்ட செயலிக்கு மட்டும் செல்லுபடியாகும் மலிவான டேட்டா பொதிதான் இருந்தது. வகுப்பு வேறு செயலிக்கு மாறியதும் அந்தப் பொதி பயன்படவில்லை, பொதுவான டேட்டாவும் இல்லை. நெடுந்தீவுப் பிள்ளைகளில் ஒருவர் இப்படித்தான் தவறினார்.

முதல் அமர்வு 35ஆவது நிமிடத்தில், ஒரு கணக்கைச் செய்யக் கொடுத்துவிட்டு நாமாகவே முடிக்கப்பட்டது. பிள்ளைகள் கொப்பியில் செய்துகொண்டே இரண்டாவது இணைப்புக்கு மாறினார்கள். மாறும்போது யாரும் தொலையவில்லை.

கணக்கு திரும்பிய விதம்

மகன் எழுந்தபோது இங்கே இரவு எட்டரை. அவருடைய மின்னஞ்சலில் குறியீடுகள் வந்து கிடந்தன. எல்லாம் காலாவதியானவை. உடனே இன்னொன்று கேட்கலாமா என்றார். மறுநாள் காலை எட்டு மணி வரை யாரும் எதையும் தொடவேண்டாம் என்று தீர்மானித்தோம். அந்த நேரம் ரொறன்ரோவில் சனி இரவு பத்தரை, மகன் விழித்திருப்பார்.

பழைய சிம்மை உயிர்ப்பிக்கும் வழியையும் யோசித்தோம். பழைய எண்ணுக்கு அழைத்தபோது, அது பாவனையில் இல்லை என்ற அறிவித்தல் வந்தது; வேறு ஒருவருக்குக் கொடுக்கப்படவில்லை என்பது ஆறுதல். கொடுக்கப்பட்டிருந்தால் ஆசிரியையின் குறியீடுகள் முன்பின் தெரியாத ஒருவரின் தொலைபேசிக்குப் போயிருக்கும். ஆனால் அந்த எண் தம்பியின் பெயரில் இருந்ததால் அவர் அடையாள அட்டையோடு நேரில் போகவேண்டும். அந்த வலையமைப்பின் கிளை திறப்பதும் வார நாளில்தான். அதை இரண்டாவது வழியாக ஒதுக்கி வைத்தோம்.

ஞாயிறு காலை அதே மடிக்கணினி, அதே வீட்டு இணைய இணைப்பு. வழக்கமான இடத்திலிருந்தும் வழக்கமான இணைப்பிலிருந்தும் வருவது மீட்பில் கணக்கில் எடுக்கப்படுகிறது. என் வீட்டுக்குக் கொண்டுவந்து செய்யாததற்கு அதுவே காரணம். மகன் வட்ஸ்அப் அழைப்பில் காத்திருந்தார். ஒரே ஒரு முறை குறியீடு கேட்கப்பட்டது. மின்னஞ்சல் வந்ததும் அவர் இலக்கங்களை வாசித்தார், ஆசிரியை அடித்தார், கணக்குத் திறந்துகொண்டது.

திறந்த கையோடு எல்லாவற்றையும் மாற்றவேண்டும் என்ற துடிப்பு வரும். கடவுச்சொல், எண், மின்னஞ்சல் மூன்றையும் ஒரே இருப்பில் மாற்றுவதும் ஒரு திருடனின் நடத்தை போலத்தான் இருக்கும். அன்று புதிய தொலைபேசி எண்ணைச் சேர்த்ததோடு நிறுத்தினோம். புதிய எண்ணைச் சேர்த்த பின்னும் சில நாட்களுக்குப் பழைய எண்ணுக்கும் குறியீடு போகும் வழி திறந்திருக்கக்கூடும் என்பதால், மகனின் மின்னஞ்சலை அப்படியே விட்டோம்.

பிறகு மாற்றியவை

ஆசிரியையின் கைத்தொலைபேசியில் வகுப்புக் கணக்கு இரண்டாவது கணக்காகச் சேர்க்கப்பட்டது. இப்போது கணினி பழுதானாலும், உள்நுழைவைத் தொலைபேசித் திரையிலேயே ஆமோதிக்கலாம். குறுஞ்செய்தியை எதிர்பார்க்கத் தேவையில்லை. நடந்த அனைத்திலும் மிகச் சிறிய வேலையும் மிகப் பெரிய பயனும் இதுதான் என்பது என் கணிப்பு.

சேவை தரும் மாற்றுக் குறியீடுகள் பத்தையும் அச்சடித்து, பிறப்பத்தாட்சிப் பத்திரமும் காணி உறுதியும் இருக்கும் கோப்பில் வைத்தார். ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். புதிய தொகுதி எடுத்தால் பழையது முழுவதும் செல்லாது. அதனால் தாளின் மேல் எடுத்த திகதியை எழுதச் சொன்னேன். அவற்றைக் கணினியில் கோப்பாகவோ, அதே கணக்கின் உள்ளேயோ வைத்திருப்பவர்களைக் கண்டிருக்கிறேன். வீட்டுக்குள் சாவியை வைத்துப் பூட்டிக்கொண்டு வெளியே நிற்பது அது.

வகுப்பு இணைப்பைப் பிள்ளைகள் சேமித்து வைத்து நேரே அழுத்தும் வழக்கம் நிறுத்தப்பட்டது. இப்போது ஒவ்வொரு வகுப்புக்கும் கால் மணி நேரம் முன்பு குழுவில் இணைப்பு போடப்படுகிறது. பிள்ளைகள் அங்கிருந்துதான் வருகிறார்கள். இதனால் இடம் மாறவேண்டி வந்தாலும் எல்லோரும் ஏற்கெனவே சரியான இடத்தில்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பெற்றோர் வெளியே போகும் வீடுகளுக்கு, வீட்டிலிருக்கும் இரண்டாவது எண் ஒன்றும் குழுவில் சேர்க்கப்பட்டது.

ஆசிரியை தன் பெயரில் சூம் கணக்கொன்றைத் தொடங்கினார். தொடங்கும்போது வகுப்புக் கணக்கைக் கொண்டு உள்நுழையும் பொத்தானை அழுத்தப் போனார், தடுத்தேன். அப்படிச் செய்திருந்தால் ஒன்று பூட்டினால் மற்றதும் பூட்டியிருக்கும். வேறு மின்னஞ்சலும் தனிக் கடவுச்சொல்லும் கொடுத்தோம். தவணைக்கு ஒரு வகுப்பு வேண்டுமென்றே அங்கே நடத்தப்படுகிறது. முந்தைய நாளே அறிவிப்பதால் டேட்டா பொதி இல்லாத வீடுகள் ஆயத்தமாகலாம்.

கட்டண அட்டவணையும் வரவுப் பதிவும் மாதமுடிவில் கணினியில் ஒரு பிரதியாக இறக்கப்படுகின்றன. அந்தச் சனிக்கிழமை வகுப்பை நடத்தியாகிவிட்டது. ஆனால் யார் கட்டணம் செலுத்தினார் என்று கேட்ட ஒரு தாய்க்கு ஞாயிறு வரை பதில் சொல்ல முடியவில்லை. ஆசிரியைக்கு வகுப்புப் பிந்தியதைவிட அதுதான் அதிகம் உறுத்தியது.

மாற்றாமல் விட்டவை

பணம் கட்டும் கணக்குக்கு மாறுங்கள் என்று சிலர் அவருக்குச் சொன்னார்கள். நேரக் கட்டுப்பாடு நீங்கும், உதவி கேட்க ஆளும் கிடைப்பார் என்பது உண்மை. ஆனால் அன்று தடுத்தது, உரிமையாளர் யார் என்பதைக் காட்ட எதுவும் கையில் இல்லாதது. பழைய எண்ணோடு இருந்தால் பணம் கட்டிய கணக்கும் அதே திரையில் வந்து நின்றிருக்கும். 46 பிள்ளைகளின் கட்டணத்தில் வாழும் ஒருவருக்கு டொலரில் மாதச் செலவு ஒன்றை ஏற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரும் விரும்பவில்லை.

மீட்பு மின்னஞ்சல் இன்னும் மகனுடையதே. நேர வேறுபாடு ஒரு குறைதான், ஆனால் நம்பிக்கையான ஆள். அவர் தூங்கும் நேரத்தில் தொலைபேசி உள்நுழைவும் அச்சடித்த குறியீடுகளும் இருக்கின்றன.

கணக்கு முடக்கப்படும் வகைக்கு இவற்றில் எதுவும் மருந்தல்ல. முறையீடு தோற்றால் உள்ளே இருப்பவை போய்விடும். அதற்காக விடைத் தாள்களின் பிரதிகளை ஒரு பென் ட்ரைவில் எடுத்துவைக்கத் தொடங்கியிருக்கிறார். தரம் 11 முடிந்துவிட்டது, தரம் 10 இன்னும் பாதியில் நிற்கிறது.